பால் பொங்கிச்சா?

ஜெர்மனியின் ஆஹன் நகரில் தை மாதச் சூரியன் எட்டரைக்குத்தான் எட்டிப் பார்க்கும். திருநெல்வேலியில் அப்போது மணி ஒன்று. சாப்பிட்டு இலை எடுத்திருப்பார்கள். ஆனாலும் விடியும்போதுதான் பொங்கலிட வேண்டும் என்று சிவகாமிக்குப் பிடிவாதம். ஏழரைக்கே விடுதியின் பொதுச் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

பச்சரிசிக்குப் பதில், பாலில் வேகவைத்துத் தின்ன இங்கே விற்கும் உருண்டை அரிசி. பாசிப்பருப்புக்கு மைசூர்ப் பருப்பு. வெல்லத்துக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் கிடைத்தது, ரொட்டியில் தடவிக்கொள்ளும் கருப்புப் பாகு. சர்க்கரை எடுக்கும் கிழங்கிலிருந்து காய்ச்சுவதாம். தொட்டு நாக்கில் வைத்தாள். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் ஒரு ருசி, அடியில் லேசான மண்வாடை. சரி, போதும். வெண்ணெயை அவளே உருக்கினாள். ஆச்சி இறக்கும்போது ஒரு கொத்து முருங்கை இலை போடுவாள், படபடவென்று பொரியும். அந்த மணத்துக்கு மட்டும் இங்கே மாற்று எதுவும் இல்லை.

அளவு எழுதி வைத்ததில்லை. ஆச்சியின் பித்தளை உழக்குதான் அளவு. காபிக் கோப்பையை உள்ளங்கையில் ஏந்தி, அந்தக் கனம் வரும்வரை அரிசியை அள்ளினாள்.

பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசினாள். அரிசி களைந்த தண்ணீரும் பாலும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றன. பனையோலை எரியும் சடசடப்பு இல்லை. கண்ணாடி அடுப்பு சத்தமில்லாமல் சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் வெளிச்சம்.

நுரை ஏறியது. எப்போதும் அடுப்பைக் குறைக்கப் போகும் கை இன்று போகவில்லை. கிழக்கு ஓரமாக வழிந்து, சுரீர் என்று கண்ணாடியில் விழுந்து கருகியது. அவளுக்கே தெரியாமல் நாக்கு சுழன்றது. குலவை! ஆச்சி இருந்தவரை அவள்தான் போடுவாள். சிவகாமி பக்கத்தில் நின்று சிரித்ததோடு சரி. ஆச்சி போய் இரண்டு வருஷமாகிறது.

எதிர் அறைக் கதவு திறந்தது. அந்த அறை மாணவி தூக்கக் கலக்கத்தோடு வந்து, வழிந்த பாலைப் பார்த்துப் பதறித் துணியை எடுத்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் சிவகாமி.

அப்புறம் அரிசியும் பருப்பும் விழுந்தன. அவசரப்படவில்லை. வேகுமுன் இனிப்பைச் சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும். ஒரு பருக்கையைக் கரண்டி முதுகில் வைத்து, ஆச்சி செய்வதுபோல் கட்டைவிரலால் நசுக்கினாள். மையாகப் பரவியது. பிறகுதான் பாகை ஊற்றினாள். நிறம் மாறியது, கிளறக் கிளற ஊரில் பார்த்த அதே பழுப்பு வந்தது.

போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, பால் பொங்கிச்சா?"

சிவகாமி பதில் சொல்லாமல், துடைக்காமல் விட்ட கருகலின் பக்கம் கேமராவைத் திருப்பினாள்.