தம்பிக்கு, யாங்கோனிலிருந்து

தம்பி, நீ மாதாமாதம் பணம் அனுப்புகிறாய். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அப்பாவை நாலாவது மாடியிலிருந்து பணம் இறக்கிக் கொண்டுபோகாது. இங்கே லிஃப்ட் கிடையாது, உனக்கே தெரியும். நேற்று மருத்துவமனைக்குப் போகும்போது கரண்ட் இல்லை. ஒரு கையில் டார்ச், மறு கையில் அப்பாவின் முழங்கை. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார். கீழே வர இருபது நிமிடம்.

அம்மா ராத்திரியில் மூன்று தடவை எழுப்புகிறார். காலையில் நீ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டதும், "நல்லா இருக்கேன்பா" என்று சிரிக்கிறார். அப்புறம் நீ என்னிடம், "நல்லாத்தானே இருக்காங்க அக்கா?" என்கிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

பெண் பிள்ளை பார்த்துக்கொள்வாள் என்று நாம் யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. நானும் சும்மா இருந்துவிட்டேன், சரி.

பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் வருவதாகச் சொன்னாய். மூன்று வாரமாக வா. நான் பகோவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன். இன்னொன்று, இரவுக்கு மட்டும் ஓர் ஆள் வைக்க வேண்டும். அந்தச் சம்பளம் உன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அம்மா தூங்கிய பிறகு.