மீனாவுக்கு, 38-ஆவது வருஷத்தில்

கானாடுகாத்தான்,
ஆவணி, 2025

மீனா,

நீ மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். கல்யாண நாளும் அதுவுமாக வெள்ளைப் பணியாரம் சாப்பிட ஆசை வந்தது. சரி, நாமே சுடுவோம் என்று இறங்கிவிட்டேன். சிரிக்காதே 🙈

உன் கணக்குதான். உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தேன். கோபுரம் இரண்டு தரம் சரிந்தது. ஊறப்போட்டு, வெண்ணெய் மாதிரி அரைத்து, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து எண்ணெயில் ஊற்றினேன். முதல் பணியாரம் உப்பவே இல்லை. இரண்டாவது உப்பியது, ஆனால் ஓரமெல்லாம் ஆத்தங்குடிக் கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டது 🔥 நீ சுட்டால் மட்டும் எப்படி மல்லிகைப் பூவாக வருகிறது? மூன்றாவதை வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிட்டு, “ஆச்சி எப்ப வருவாக?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்த உழக்கைத் தேடித்தான் பெட்டகத்தைத் திறந்தேன். உழக்கு அங்கே இல்லை, அடுப்படியிலேயே இருந்தது. ஆனால் நம் கல்யாணத்துக்கு எழுதிய இசைபிடிமானம் கிடைத்தது. கூடவே நூல் கட்டிய நீலத் தாள் கட்டு. நான் கோலாலம்பூர் கடையில் இருந்த ஆறு வருஷமும் உனக்கு எழுதியவை. வளவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒரே கடிதத்தை ஆறு வருஷமாக எழுதியிருக்கிறேன்: “நலம். நலமறிய ஆவல். பணம் அனுப்பியுள்ளேன். அப்பச்சி ஆத்தாளைக் கவனித்துக்கொள்.” முற்றுப்புள்ளி. நீயோ தாளின் ஓரத்தைக்கூட விடாமல், சுற்றிச் சுற்றி எழுதுவாய். தாளைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றது, பெரியவளுக்குப் பல் முளைத்தது, எல்லாம் இருக்கும். அவற்றை நான் பத்திரப்படுத்தவில்லை. நீ என்னுடையதை வைத்திருக்கிறாய் 😶

அதனால்தான் இந்தக் கடிதத்தில் புள்ளி வைக்கிற இடத்தில் படம் போடுகிறேன். பேத்திதான் போனில் சொல்லிக் கொடுத்தாள். “ஐயா, ஆயாவுக்கு இதை அனுப்புங்க” என்று சிவப்பாக ஒன்றைக் காட்டினாள். அறுபத்தைந்து வயதில் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் போடுகிறேன் ❤️ படித்ததும் போனை யாரிடமும் காட்டாதே.

அப்புறம் ஒன்று. இசைபிடிமானத்தில் என் அப்பச்சி கையெழுத்து இருக்கிறது, உன் அப்பச்சி கையெழுத்து இருக்கிறது. உன்னையும் என்னையும் யாரும் போடச் சொல்லவே இல்லை! எனவே 38 வருஷம் தாமதமாக இங்கே நான் போடுகிறேன்.

சம்மதத்துடன்,
வயிரவன்

உன் பதிலை ஓரமெல்லாம் நிரப்பி எழுது. வழக்கம்போல 👍 மட்டும் அனுப்பாதே. பள்ளத்தூரில் பத்தாவது வரை படித்தவள் கைநாட்டு வைக்கலாமா 😄