மலப் பரிசோதனைக்கு மாதிரி கொண்டுவருபவர்களுக்கு: டப்பா, நேரம், பாதுகாப்பு

உங்கள் ஓபி சீட்டில் மருத்துவர் ‘மலப் பரிசோதனை, 3 மாதிரி’ என்று எழுதியிருக்கிறார். குடலில் புழு இருக்கிறதா, அமீபா, ஜியார்டியா போன்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான சோதனை இது. எளிமையானதுதான். ஆனால் மாதிரி கெட்டுப்போய் வந்தால் மைக்ராஸ்கோப்பில் எத்தனை நேரம் பார்த்தாலும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாதி சோதனை உங்கள் வீட்டிலேயே முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாங்கள் நாள்தோறும் பார்க்கும் வேலை இது.

எந்த டப்பா?

ஆய்வகத்தில் (புறநோயாளிகள் கட்டடம், தரைத்தளம், அறை 12) கொடுக்கும் டப்பாவையே பயன்படுத்துங்கள். இரண்டு வகை இருக்கிறது.

சிவப்பு மூடி டப்பா காலியாக இருக்கும். அகன்ற வாய், திருகு மூடி, மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி. நகருக்குள் இருப்பவர்களுக்கும், காலையில் எடுத்து உடனே கொண்டுவர முடிந்தவர்களுக்கும் இதுதான்.

நீல மூடி டப்பாவுக்குள் மருந்துத் தண்ணீர் இருக்கும். அது ஃபார்மலின் கலந்த கரைசல், புழு முட்டைகள் கெடாமல் காப்பதற்கு. பஸ் பிடித்து வெகுதூரம் வருபவர்களுக்கு இதைக் கொடுப்போம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். “ஏதோ அழுக்குத் தண்ணி இருந்துச்சு, கழுவிட்டுக் கொண்டாந்தேன்” என்று அக்கறையோடு சுத்தம் செய்து கொண்டுவந்தவர்கள் பலர் உண்டு. அது விஷம். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்; டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தீப்பெட்டியும் காகிதப் பொட்டலமும் ஈரத்தை உறிஞ்சிவிடும். வந்து சேர்வதற்குள் மாதிரி காய்ந்து போயிருக்கும். பழைய மருந்து பாட்டிலின் வாய் குறுகலானது, உள்ளே போடும்போது வெளியெல்லாம் படும், அடியில் மிச்ச மருந்தும் இருக்கும். ஊறுகாய் பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய் போகாது. டப்பா உடைந்தாலோ தொலைந்தாலோ வந்து கேளுங்கள், இன்னொன்று தருகிறோம். காசு கிடையாது.

எடுப்பதற்கு முன்

வெறும் வயிறு தேவையில்லை. எப்போதும் போலச் சாப்பிடலாம். காலையில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதால்தான் காலை வசதி.

மருந்து விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். கடந்த 3 வாரத்துக்குள் ஆன்டிபயாடிக், வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல், பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல்) எதையாவது சாப்பிட்டிருந்தால் ஒட்டுண்ணிகள் குறைந்து கண்ணில் படாமல் போகலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழந்தைகளுக்குத் தரும் மாத்திரையும் இதே அல்பெண்டசோல்தான். “அது ஸ்கூல்ல குடுத்தது, மருந்து இல்லையே” என்று விட்டுவிட வேண்டாம். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் 10 நாளாவது கழியட்டும்; அந்த வெள்ளைப் பொடி மைக்ராஸ்கோப்பில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போய் எடுக்காதீர்கள், எண்ணெய்த் துளிகளும் அப்படித்தான் மறைக்கும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தையும் சொல்லிவிடுங்கள்.

இதற்காக வழக்கமான மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

எடுக்கும் முறை

முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். சிறுநீர் பட்டால் உயிரோடு அசைந்துகொண்டிருக்கும் அமீபா செத்துப்போகும். அசைவதை வைத்துத்தான் அதை எளிதில் அடையாளம் காண்கிறோம். செத்துவிட்டால் சாதாரண செல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கழிப்பறைத் தண்ணீரும் மண்ணும் படக்கூடாது. தண்ணீரிலும் மண்ணிலும் நோய் தராத புழுக்களும் நுண்ணுயிர்களும் தாமாகவே வாழ்கின்றன. அவை உள்ளே வந்துவிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட நேரும்.

தரையோடு இருக்கும் இந்திய முறைக் கழிப்பறை என்றால், குழிக்கு முன்பக்கம் காய்ந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் பழைய காகிதத் தட்டு ஒன்றை வைத்து அதில் போங்கள். உட்காரும் கோப்பையில் என்றால் இருக்கையைத் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்து நடுவில் தொட்டில் போலத் தொங்கும்படி விரித்து, மேலே இருக்கையை இறக்கிவிடுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குக் காய்ந்த பெட்பேன் போதும்.

இனி கரண்டியால் எடுங்கள். கட்டியாக இருந்தால் ஒரு கொட்டைப்பாக்கு அளவு. தண்ணீராகப் போனால் ஐந்தாறு கரண்டி. ஒரே இடத்தில் எடுக்காமல் மேலே, நடுவில், ஓரத்தில் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சளியோ ரத்தமோ ஒட்டியிருக்கும் இடம் தெரிந்தால் அதை விடாதீர்கள். அருவருப்பில் அதை ஒதுக்கிவிட்டுச் ‘சுத்தமான’ இடமாகப் பார்த்து எடுத்து வருகிறார்கள். நாங்கள் தேடுவது பெரும்பாலும் அந்தச் சளியில்தான் இருக்கும்.

டப்பா வழிய நிரப்ப வேண்டாம். மூடி திறக்கும்போது எங்கள் மேல் தெறிக்கும், அதைவிட வேறு காரணம் தேவையில்லை. நீல மூடி டப்பாவில் வெளியே ஒரு கோடு போட்டிருக்கும். தண்ணீர் மட்டம் ஏறி அந்தக் கோட்டைத் தொடும் வரை மட்டும் மலம் போட்டு, கரண்டியால் நன்றாகக் கலக்கி இறுக மூடுங்கள். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் என்பது கணக்கு.

அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயர், வயது, ஓபி எண், தேதி, எடுத்த நேரம் ஐந்தையும் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் வேண்டாம், திறந்து வைக்கும்போது மூடி மாறிப்போகும். மாதவிடாய் நாளாக இருந்தால் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள், முடியாவிட்டால் ஜன்னலில் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள்?

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தண்ணீராகப் போனால்: அரை மணி நேரத்துக்குள். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, குளிரில் அமீபாவின் அசைவு நின்றுவிடும். வீடு தூரம் என்றால் ஆய்வகத்துக்கே வந்துவிடுங்கள். அறை 12-க்கு எதிரில் நோயாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது, அங்கேயே எடுத்துக் கொடுக்கலாம்.

களி போலக் குழைவாக இருந்தால்: ஒரு மணி நேரத்துக்குள்.

கட்டியாக இருந்தால்: அன்றைக்கே கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் டப்பாவை இரண்டு பைகளில் போட்டுக் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சாப்பாட்டுப் பொருள்களை விட்டுத் தள்ளி வையுங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம். வீட்டில் இருப்பவர்களிடம் அது என்னவென்று சொல்லி வைப்பது உத்தமம். ஃப்ரீசர் கூடவே கூடாது.

நீல மூடி டப்பாவுக்கு இந்த அவசரம் இல்லை. ஃபிரிட்ஜும் வேண்டாம், நிழலான இடம் போதும். அடுத்த வேலை நாளில் கொண்டுவாருங்கள்.

வெயில் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் வெளியே கிடந்தால் கொக்கிப்புழு முட்டை ஒரு நாளிலேயே பொரிந்து குஞ்சாகிவிடும். அப்புறம் அது எந்தப் புழு என்று பிரித்துச் சொல்வது தலைவலி. பைக் சீட்டுக்கு அடியிலும் கார் கண்ணாடியை ஒட்டியும் டப்பாவை வைக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சீட்டில் ‘ஸ்ட்ராங்கிலாய்டஸ்’ என்று எழுதியிருந்தால் கட்டியான மலத்தையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நீல மூடியும் வேண்டாம். அந்தப் புழு உயிரோடு ஊர்ந்து வரவேண்டும். எடுத்த கையோடு கொண்டுவாருங்கள்.

ஏன் மூன்று முறை?

ஜியார்டியா தினமும் மலத்தில் வராது. இன்று கூட்டமாக வரும், நாளை ஒன்றுகூட இருக்காது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரி, எல்லாம் 10 நாளைக்குள். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். ஒரே நாளில் மூன்று டப்பாவில் பிரித்துப் போட்டால் அது ஒரு மாதிரிதான். முதல் ரிசல்ட்டில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தாலும் மற்ற இரண்டையும் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு

டயப்பரிலிருந்து வழித்து எடுக்காதீர்கள், ஈரத்தை அது குடித்துவிடும். டயப்பருக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டி, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கான மலக் கோப்பையில் போகும் குழந்தைக்கு அந்தக் கோப்பையைக் கழுவித் துடைத்துக் காயவைத்தால் போதும்.

இரவில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கத்தில் சொறிதல் என்றால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு மலப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. அந்தப் பூச்சி இரவில் வெளியே வந்து தோலில்தான் முட்டையிடுகிறது. அதற்குத் தனியாகக் கண்ணாடிச் சில்லும் தெளிவான செல்லோடேப்பும் தருவோம். காலையில் குழந்தை எழுந்ததும், வெளிக்குப் போவதற்கும் கால் கழுவுவதற்கும் முன்பே, டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து அப்படியே சில்லில் ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

புழுவே வெளியே வந்தால்

தூக்கி எறிந்துவிட்டு “இம்புட்டு நீளம் இருந்துச்சு” என்று கை காட்டாதீர்கள். காகிதத்தால் எடுத்து இன்னொரு சிவப்பு மூடி டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். மண்புழு போல நீளமாக இருந்தால் நாக்குப்பூச்சியாக இருக்கலாம். பூசணி விதை போலத் தட்டையான வெள்ளைத் துண்டுகள் நாடாப்புழுவின் கணுக்கள். அவற்றை வெறும் கையால் தொடாதீர்கள், கையை நன்றாகக் கழுவுங்கள்.

கொடுக்கும் நேரம், ரிசல்ட்

திங்கள் முதல் சனி வரை, காலை 7:30 முதல் 11:30 வரை. ஞாயிறும் அரசு விடுமுறை நாள்களும் கிடையாது. அந்த நாளைக்கு முந்தின இரவில் எடுத்து வைக்காதீர்கள். டப்பாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விடாமல் உள்ளே இருப்பவர் கையில் கொடுத்து, ஓபி சீட்டில் முத்திரை வாங்குங்கள். மூடி கசிந்தாலோ, பெயர் இல்லாவிட்டாலோ, நேரம் கடந்திருந்தாலோ திருப்பித் தந்துவிடுவோம். கோபித்துக்கொள்ள வேண்டாம், புது டப்பாவும் கூடவே தருவோம்.

ரிசல்ட் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு மேல் அதே ஜன்னலில் கிடைக்கும். தாளை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

காய்ச்சலோடு ரத்தபேதி, நிற்காத வாந்தி, குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்து சிறுநீர் போகாமல் இருப்பது என்று எது இருந்தாலும் மாதிரி, டப்பா எதற்கும் காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். மாதிரியை நாங்கள் அங்கேயே எடுத்துக்கொள்கிறோம்.