வகுப்பறை விளக்கமைப்புக் கணக்கு: தமிழ் மாலைப்பள்ளி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அறை 9.0 × 7.0 மீ, கூரை 3.0 மீ, மேசை 0.75 மீ. பெரியவர்களும் இரவில் படிப்பதால் மேசைமேல் 500 லக்ஸ், கண்கூச்சத்தை அளக்கும் UGR 19-க்கு மேல் போகாமல், மிக மங்கலான இடத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதமான சீர்மை குறைந்தது 0.60, மின்செறிவு சதுர மீட்டருக்கு 8 வாட்டுக்குள் என்று எடுத்துக்கொண்டோம்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தரையிலிருந்து அல்ல, மேசையிலிருந்து கூரைவிளக்கு வரை அளக்க வேண்டும். கீழே Hm அந்த உயரம், K அறையின் வடிவக் குறியீடு, N விளக்கு எண்ணிக்கை, E மேசைமேல் சராசரி வெளிச்சம்:

```
Hm = 3.0 - 0.75 = 2.25
K = 63 / (2.25 × 16) = 1.75
N = 500 × 63 / (4300 × 0.80 × 0.80) = 11.4 → 12
E = 12 × 4300 × 0.80 × 0.80 / 63 = 524 lx
```

முதல் 0.80, இந்த K-க்கும் கூரை 70, சுவர் 50, தரை 20 சதவீதப் பிரதிபலிப்புக்கும் விளக்கின் அட்டவணையில் எடுத்த பயன்பாட்டுக் காரணி, அதாவது விளக்கொளியில் மேசையை எட்டும் பங்கு. சுவரை அடர்பச்சையாகப் பூசினால் அது நிற்காது. இரண்டாவது 0.80 பராமரிப்புக் காரணி, அதாவது தூசியும் முதுமையும் தின்றபின் மிஞ்சும் பங்கு. ஆண்டுக்கொருமுறை துடைத்தால்தான் உண்மையாகும். ஆகவே திறப்புநாளில் லக்ஸ்மானி சுமார் 655 காட்ட வேண்டும். அன்றே 510 காட்டினால் தேறியதாக எண்ணிவிடாதீர்கள், சில ஆண்டுகளில் 410-க்கு இறங்கிவிடும். அளப்பது இருட்டிய பிறகு.

விளக்கு 600 × 600, 34 வாட், 4300 லூமென், மைக்ரோபிரிஸ்ம் மூடி. பால்மூடி மலிவு, ஆனால் கண்ணிலிருந்து விளக்கு 1.8 மீ உயரத்தில் இருக்க, அந்த உயரத்தை H என்று வைத்தால் அறை ஏறக்குறைய 4H × 5H ஆகிறது. அந்த அளவுக்கான UGR அட்டவணைப்படி பால்மூடிக்கு UGR 20.6, மைக்ரோபிரிஸ்முக்கு 18.2. மூடியைத் தவிர மற்றதெல்லாம் அதேதான், ஆகவே இதில் பேரம் வேண்டாம்.

மேலே போட்ட லூமென் முறை சராசரியை மட்டுமே சொல்லும், மூலையைச் சொல்லாது. சுவரிலிருந்து 0.5 மீ விட்டுப் புள்ளிக்கணக்குப் போட்டோம். மங்கலான ஓரம் விடுபடுவதால் இதில் சராசரி 524-ஐவிட உயர்ந்து வரும். விளக்குகளின் இடைவெளியில் பாதியைச் சுவருக்கு விட்டபோது மூலையில் 340, சராசரி 560: சீர்மை 0.61. தேறுகிறது, ஆனால் மூலையில் ஓர் அலமாரி வந்தால் போய்விடும். ஆகவே சுவர்விளக்குகளின் மையத்தை நீளவாக்கில் 0.90, அகலவாக்கில் 0.95 மீட்டருக்கு நகர்த்தினோம். மூலை 372, சராசரி 556, சீர்மை 0.67. இடைவெளி 2.40, 2.55 மீ, உயரத்தோடு விகிதம் 1.13, விளக்கின் வரம்பு 1.25.

கரும்பலகைக்கு 20 வாட் சாய்வொளி விளக்கு இரண்டு, பலகையிலிருந்து 0.8 மீ தள்ளி. பளபளக்கும் வெள்ளைப்பலகையானால் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கின் உருவம் தெரிந்தால் எழுத்து மறையும்.

```
(12 × 34 + 40) / 63 = 7.1 W/m²
448 W × 1400 h = 627 kWh/ஆண்டு
```

சன்னல்கள் நீளச்சுவரில், தெற்கு நோக்கி. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் அது நல்ல நிழலொளி. கோடைக் காலையிலும் மாலையிலும் மட்டும் சாய்கதிர் வரும். நான்கு விளக்கு கொண்ட மூன்று வரிசைகளும் சன்னலுக்கு இணையாக, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். சன்னலோர வரிசைக்குப் பகலொளி உணரி. வரிசையைக் குறுக்கே போட்டால் பகலில் எதையும் அணைக்க முடியாது.