தீபாவளிக்கு முன் ஆறு ரீல்: நம்ம கல்லடிச் சேலை, தையல் கடைக்கான திட்டம்

அக்கா, காசு செலவழிக்காமல் செய்வதென்றால் நம்மிடம் இருப்பது மூன்றுதான்: உங்கள் போன், காலையில் கடை வாசலில் விழும் வெளிச்சம், உங்கள் கை. மொடல் பிள்ளைகள் வேண்டாம். கடைக்கு வருகிறவர்கள் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகள்தான் நமக்கு ஸ்கிரிப்ட். ஒரு ரீலுக்கு ஒரு கேள்வி. கடைசியில் விலையைச் சொல்லியே ஆக வேண்டும். "இன்பொக்ஸ் பண்ணுங்க" என்று போட்டால் பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள்.

ரீல் 1: "மருதமுனைக் கைத்தறி, சாயம் போகுமா?"
முகம் காட்டாமல் இந்தக் கேள்வியோடே தொடங்குங்கள். முதல் மூன்று செக்கனுக்குள் அது காதில் விழ வேண்டும். அந்தச் சிவப்புச் சேலையின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திக் காட்டுங்கள். போன் கிட்ட இருக்கட்டும், நூல் இழை தெரிய வேண்டும். துணியில் சாயம் ஒட்டினால் மறைக்க வேண்டாம். முதல் தடவை தனியாகக் கழுவச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்கிற கடை என்று பெயர் வந்தால் அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? முடிவில்: "விலை 4,800 ரூபாய்."

ரீல் 2: "பிளவுஸ் இறுகினால் பிரிக்கலாமா?" உள்பக்கம் திருப்பி, தையலுக்குள் நீங்கள் விட்டிருக்கும் துணியை விரலால் பிடித்துக் காட்டுங்கள்.

ரீல் 3: ஒரே சேலை, நீங்களும் அம்மாவும் மாமியும் கட்டுவது.

ரீல் 4: மருதமுனைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது தறி ஓடுவதை எடுங்கள். நெசவு செய்கிறவரிடம் முதலில் கேளுங்கள். பேச்சு வேண்டாம், தறிச் சத்தமே போதும். பிஸ்னஸ் கணக்கில் இன்ஸ்டாகிராம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் தராது, அதனால் மற்ற ரீல்களிலும் பாட்டுக்குப் பதில் கத்தரிக்கோல், மெஷின் சத்தத்தையே வைப்போம்.

ரீல் 5: கல்லடிப் பாலத்தில் இருந்து கடைக்கு வழி. நான் நடந்துகொண்டே எடுக்கிறேன்.

ரீல் 6: தீபாவளிக்குத் தைக்கக் கொடுக்கக் கடைசித் திகதி. உங்கள் முகம், உங்கள் குரல்.

போனை நிமிர்த்திப் பிடித்து, லென்ஸைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். எழுத்தை நடுவில் போடுங்கள், கீழே பட்டன்கள் மறைத்துவிடும். வாடிக்கையாளரின் முகத்தைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். கிழமைக்கு இரண்டு ரீல், இரவு எட்டு மணிக்கு. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டொக்கோடு வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவோம். நம்ம ஊரில் பழைய வாடிக்கையாளர்கள் பார்ப்பது ஸ்டேட்டஸைத்தான்.

லைக்கை எண்ண வேண்டாம். "வீடியோ பார்த்து வந்தேன்" என்கிறவர்களின் ஓடருக்குப் பக்கத்தில், ஓடர் கொப்பியில் "வீ" என்று எழுதுங்கள். மூன்று ரீல் போன பிறகு அதைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறேன். சிவப்புச் சேலை, வெள்ளைத் துணி, ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்து வையுங்கள்.