மதியம் இரண்டு மணிக்கும் மூலை வரை காற்று: தாழ்வாரம் 1200 சீலிங் ஃபேன்

கத்திரி வெயில். மொட்டைமாடிக்கு நேர் கீழே படுக்கையறை. காலையிலிருந்து காய்ந்த கான்கிரீட் தளம் சூட்டை உள்ளே இறக்கத் தொடங்கிவிட்டது. உண்ட அசதிக்குப் பாயில் சாய்ந்தால் முதுகு ஒட்டுகிறது.

தாழ்வாரத்தைப் போடுங்கள். பாயை ஃபேனுக்கு நேர் கீழே விரிக்க வேண்டாம், சுவரோரமாகவே விரியுங்கள். பிடரியில் வழிந்த வியர்வை காய்கிறது. காதோர முடி அசைகிறது. சுவரில் தொங்கும் தினக் காலண்டரின் தாள் படபடக்கிறது. கண் தானாகச் சொருகும்.

எந்த ஃபேனும் அறையின் வெப்பநிலையைக் குறைக்காது. உடம்பை ஒட்டி நிற்கும் சூடான காற்றை விலக்கி, வியர்வையைச் சீக்கிரம் உலர்த்துவதுதான் அதன் வேலை. ஆகவே காற்று ஆள்மேல் பட வேண்டும். 1200 மி.மீ. வீச்சில் மூன்று அலுமினிய இறக்கைகள், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 225 கன மீட்டர் காற்று. 10-க்கு 12 அடி அறைக்கு ஒன்று தாராளம். 20 அடி நீளக் கூடத்துக்கு இரண்டு மாட்டுங்கள். ஒன்றே போதும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் இயங்கும் பி.எல்.டி.சி. மோட்டார். முழு வேகத்தில் 30 வாட். பழைய ஃபேன் 75 வாட் என்றால், நாளுக்கு 16 மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாத பில்லில் சுமார் 43 யூனிட் மிச்சம். கரண்ட் போனாலும் இன்வர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். தெருவில் எல்லா ஏசியும் ஓடி வோல்டேஜ் இறங்கும் பிற்பகலில் சாதாரண ஃபேன் சோர்ந்துவிடும். இது 150 வோல்ட் வரை வேகம் குறையாது. கண்டன்சர் கிடையாது, அதனால் அது வலுவிழந்து ஃபேன் மெதுவாகும் தொல்லையும் கிடையாது.

மாட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை: பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேராக இணைப்புக் கொடுக்கட்டும். ரெகுலேட்டர் வழியே ஓடினால் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு கெடும், வேகத்தை மாற்ற ரிமோட் இருக்கிறது. இறக்கைக்கும் தளத்துக்கும் ஓரடி இடைவெளி வேண்டும். மேலே ஒட்டி மாட்டினால் இழுக்கக் காற்று கிடைக்காமல் வீச்சு குறையும். தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். ராடின் போல்ட்டில் பிளவுப் பின்னைப் போட்டு முனையை விரித்துவிட்டாரா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஆடினால் இறக்கை ஸ்க்ரூக்களைச் சரிபாருங்கள். அப்படியும் ஆடினால் இறக்கை வளைந்திருக்கும். நிமிர்த்த முயலாமல் எங்களைக் கூப்பிடுங்கள், மாற்றித் தருகிறோம்.

மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கையின் முன்விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே படியும் தூசிதான் காற்றைத் தின்கிறது. மேற்கு ஜன்னலுக்கு மதியம் திரை போடுங்கள், ஃபேனின் பாதி வேலை குறையும்.

தாழ்வாரம் 1200. வெள்ளை, சந்தன நிறம், தேக்குப் பழுப்பு. விலை ₹3,150. மூன்றாண்டு உத்தரவாதம், வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம். உங்கள் ஊர் மின்சாதனக் கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஃபேனுக்கு அடியில் நிற்காதீர்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள்.