ஸ்பீக்கர் அழைப்புகள் பற்றி ஒரு வேண்டுகோள்

வணக்கம் சார்,

நேரில் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் காதிலும் விழும், உங்களுக்குச் சங்கடமாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் ஸ்பீக்கரில் பேசும்போது எதிர்முனைக் குரலும் என் மேசை வரை தெளிவாகக் கேட்கிறது. இன்று காலை கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் போனில் ஒருவர் ‘நாற்பத்தெட்டாயிரம்’ என்றார்; என் கை அதையே தட்டிவிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் பிடித்தது. அதைவிட உறுத்துவது வேறு. வாடிக்கையாளர் உங்களை நம்பிச் சொல்லும் விவரத்தை அறையே கேட்கிறது. அவருக்கு அது தெரியாது அல்லவா?

நீண்ட அழைப்புகளை வராந்தாவிலோ, காலியாக இருந்தால் கூட்ட அறையிலோ வைத்துக்கொள்ள முடியுமா? குறிப்பெடுக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால்தான் ஸ்பீக்கர் போடுகிறீர்கள் என்று தெரியும். என்னிடம் கூடுதலாக ஒரு ஹெட்செட் இருக்கிறது. உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் முடியவே முடியாது என்றால் ஒலியையாவது பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

என்னால் உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், சார்.

நன்றி,
உங்கள் பக்கத்து மேசைக்காரன்